டிசைன் மென்பொருளைத் திறக்கும் முன் தாளில் வயர்ஃபிரேம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் சனிக்கிழமைகளில் செயலி வடிவமைப்புப் படிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. வயர்ஃபிரேம் என்றால் ஒரு திரையில் எது எங்கே வரும் என்று மட்டும் காட்டுகிற கோட்டுப் படம். பதில்களில் ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொண்டு போகிறேன். கொழுந்து பறிக்கிற ஒருவர், அன்றைக்குத் தன் பேரில் எத்தனை கிலோ விழுந்தது என்று போனில் பார்க்கிற செயலி அது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்காக நானும் இன்னும் இருவரும் செய்தோம். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு கிழமைக்கு மேல் தாளிலேயே இருந்தோம்.

முதன்மைப் பயணம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் செயலியில் பத்து வேலை இருக்கிறதே.

மற்ற ஒன்பதையும் தூக்கி எறிந்தாலும் எந்த ஒரு வேலைக்காக ஆள் அந்தச் செயலியைத் திறப்பாரோ, அதுதான். அதை ஒரே வசனமாக எழுதுங்கள். யார், எத்தனை மணிக்கு, எங்கே இருந்துகொண்டு, எதைத் தெரிந்துகொள்ள வருகிறார், எது கிடைத்தால் போனைக் கீழே வைப்பார் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.

நாங்கள் முதலில் எழுதியது, “தொழிலாளி தன் வேலை விபரங்களைப் பார்வையிடுகிறார்” என்பது. அதை வைத்துக்கொண்டு ஒரு கோடும் இழுக்க முடியவில்லை. நேரமும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து இப்படி மாற்றினோம்: “பின்னேரம் 5 மணிக்கு லயத்துக்கு வந்த ஒரு பெண், இன்றைக்குப் பறித்த கொழுந்து தன் பேரில் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பிழை இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறாள்.” இந்த வசனத்தைத் தாளின் தலைப்பில் எழுதி ஒட்டினோம். முற்பணம், ஈ.பி.எஃப். மீதி, லீவு அறிவித்தல் எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் அவை அந்த வசனத்துக்குள் வரவில்லை. வேறொரு தாளில் எழுதி மடித்து வைத்தோம். இந்த வசனம் பிறகு ஒரு இடத்தில் பிழையாகிப்போனது, அதைக் கீழே சொல்கிறேன்.

நேரே ஃபிக்மாவில் சாம்பல் பெட்டி போட்டுப் பார்த்தால் என்ன அக்கா? அதுவும் வேகம்தானே.

பெட்டி போடுவது வேகம்தான். அதோடு வருகிற மற்ற விஷயங்கள்தான் பிரச்சினை. மென்பொருளைத் திறந்தவுடன் அது உங்களுக்கு ஒரு திரையைத் தருகிறது. உடனே கண் அந்தத் திரைக்குள்ளேயே போய்விடுகிறது. இடது ஓரம் சமமா, இந்த இடைவெளி 16 ஆ 20 ஆ என்று கை தானாக வேலை செய்யத் தொடங்கும். ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. ஆயத்தமாக இருக்கிற பாகங்களை இழுத்துப் போடும்போது, யாருமே கேட்காத ஐந்து ஐகன் பட்டி ஒன்று கீழே வந்து உட்கார்ந்துவிடும். பிறகு அந்த ஐந்துக்கும் வேலை தேடுவோம்.

இன்னொன்று, பார்க்கிற ஆளின் வாய். நேர்த்தியான ஒரு திரையை லெப்டொப்பில் காட்டினால் எங்கள் ஆட்கள் “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். யாரோ கஷ்டப்பட்டுச் செய்ததைக் குறை சொல்ல அவர்களுக்கு மனம் வராது. மார்க்கரால் கீறிய தாளைக் கொடுத்தால், “இது என்னாத்துக்கு புள்ள?” என்று விரலை வைத்துக் கேட்பார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

என்ன தாள், என்ன பேனை, எந்த அளவில் கீறுவது?

ஏ4 தாளைக் கிடையாக வைத்து, இடமிருந்து வலமாக இரண்டு தடவை மடியுங்கள். நான்கு பட்டிகள் வரும். ஒவ்வொன்றும் 7.4 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். இப்போது சனங்கள் கையில் இருக்கிற 6.5 அங்குலப் போனின் திரை ஏறக்குறைய 6.8 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்டது. ஆகவே பட்டியின் மேலிருந்து 15 செ.மீ. இல் ஒரு கோடு இழுத்தால், கிட்டத்தட்ட உண்மையான போன் அளவிலேயே ஒரு திரை கிடைத்துவிடும். வெட்டி எடுத்துக் கையில் பிடித்துப் பெருவிரலை நீட்டிப் பாருங்கள். எட்டாத மூலையில் முக்கியமான பொத்தான் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கோட்டுக்குக் கீழே மிஞ்சும் 6 செ.மீ. ஐ வெட்டி எறிய வேண்டாம். நான் மிகவும் விரும்புகிற இடம் அது. பட்டியின் இலக்கம், இந்தத் திரையில் உள்ள தகவலை யார் தருகிறார், இங்கிருந்து எந்தப் பட்டிக்குப் போகலாம் என்ற மூன்றையும் அதில் எழுதுங்கள்.

பென்சில் வேண்டாம். பென்சில் இருந்தால் அழிறப்பரும் வரும், அழித்து அழித்து ஒரே திரையில் அரை மணித்தியாலம் போகும். கொஞ்சம் தடித்த மார்க்கர் நல்லது. அதால் சின்ன விபரம் எதையும் கீற முடியாது என்பதே அதன் நன்மை. தொடுகிற எதுவும் 1 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. அன்ட்ராய்டு வழிகாட்டி, டிபி என்ற திரை அலகில் சொல்கிற 48, திரையில் ஏறக்குறைய 9 மி.மீ. வரும். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல் நுனிக்கு அந்தக் கூடுதல் மில்லிமீற்றர் தேவை.

எனக்குச் சித்திரம் வராது. நான் எப்படிக் கீறுவேன்?

பெட்டி, கோடு, அம்புக்குறி மூன்றும் போதும். படம் வருகிற இடத்தில் பெட்டிக்குள் ஒரு பெருக்கல் அடையாளம். அவ்வளவுதான் சித்திரம்.

ஆனால் எழுத்து வருகிற இடத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி நெளிகோடு போடாதீர்கள். நீண்ட பத்தி என்றால் பரவாயில்லை. தலைப்பு, பொத்தான், எண்ணுக்குப் பக்கத்தில் வரும் பெயர் ஆகியவற்றில் உண்மையான தமிழ்ச் சொல்லையே எழுதுங்கள். நெளிகோடு எல்லா மொழியிலும் ஒரே நீளம், சொற்கள் அப்படி இல்லை. நாங்கள் ஒரு பொத்தானில் “சமர்ப்பிக்கவும்” என்று எழுதப் போனோம். இரண்டு பொத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இடத்தில் அது அடங்கவே இல்லை. “அனுப்பு” என்று மாற்றினோம், அடங்கியது. வாசிக்கவும் இலகுவானது. கையெழுத்து சாதாரணமாக 5 மி.மீ. உயரம் வரும். திரையில் 16 அளவு எழுத்து ஏறக்குறைய 2.5 மி.மீ. தான். ஆகவே கையால் எழுதி ஒரு வரியில் அடங்கினால் திரையில் நிச்சயம் அடங்கும். கையில் அடங்காததைப் பற்றி ஒரு முறை யோசியுங்கள், அநேகமாகச் சொல்லையே மாற்ற வேண்டியிருக்கும். சிங்களத்திலும் செயலி வரப்போகிறது என்றால் அதே பட்டியின் பின்பக்கத்தில் சிங்களச் சொற்களையும் எழுதிப் பாருங்கள்.

எந்தச் சொல் என்பதும் இங்கேதான் தீரும். “வருகைப் பதிவு” என்று எழுதிக் காட்டினால் எங்கள் அம்மாமார் யோசிப்பார்கள். “பேர்” என்று எழுதினால் உடனே விளங்கும். முழு நாள் சம்பளத்துக்குரிய முழுப் பேரா, பாதிக்குரிய அரைப் பேரா என்பதுதான் அவர்களுடைய பேச்சு. “நிறுவை நிலையம்” என்று ஒரு இடம் எந்தத் தோட்டத்திலும் இல்லை. மடுவம்தான் இருக்கிறது.

லொகின் திரையிலிருந்துதானே கீறத் தொடங்க வேண்டும்? ஆள் முதலில் பார்ப்பது அதைத்தானே?

வசனத்தின் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்குத் தேவையானது கிடைக்கிற அந்தத் திரையை முதலில் கீறி மேசையின் வலது பக்கத்தில் வையுங்கள். பிறகு, “இதைப் பார்க்க வேண்டுமென்றால் இதற்குச் சற்று முன்னால் அவள் என்ன செய்திருக்க வேண்டும்?” என்று கேட்டு, அதற்கு இடது பக்கத்தில் அடுத்த பட்டியை வையுங்கள். இப்படிப் பின்னோக்கி வரும்போது தேவையில்லாத திரைக்கு இடமே கிடைக்காது.

எங்கள் மூவரின் தலையிலும் முதலில் இருந்த வரிசை இது: தொலைபேசி எண், கடவுச்சொல், ஆறு ஐகன் உள்ள முகப்பு, கொழுந்து விபரம், திகதி தெரிவு, கடைசியில் கிலோ. ஆறு திரை. பின்னோக்கிக் கீறினோம். கடைசித் திரையின் நடுவில் பெரிதாக “21 கிலோ” என்று எழுதினோம். அதற்கு முன்னால் என்ன வேண்டும்? யாருடைய கிலோ என்று தெரிய வேண்டும். பல வீடுகளில் ஒரே போனை மாமியாரும் மருமகளும் பார்க்கிறார்கள், போன் மகனுடையதாக இருக்கும். ஆகவே பெயர்கள் இரண்டு உள்ள ஒரு திரை வேண்டும். அதற்கு முன்னால்? செயலியைத் திறப்பது மட்டும்தான். திகதி தேவையில்லை, வசனம் “இன்றைக்கு” என்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக, முதல் தடவை மட்டும் தோட்ட ஆபிசில் வைத்துப் போனைப் பதிந்து கொடுப்பது என்று எழுதினோம். ஆறு மூன்றாகியது: பெயர், கிலோ, பிழை சொல்வது.

குழுவில் மூன்று பேரும் மூன்று விதமாகக் கீறினால் எதை எடுப்பது?

முதலில் மூன்று விதமாகத்தான் வர வேண்டும். அதற்காகவே பேசாமல் தனித்தனியாகக் கீறுங்கள். அதே ஏ4 தாளை இன்னொரு முறை குறுக்கே மடித்தால் எட்டுக் கட்டம் வரும். எட்டு நிமிடத்தில் எட்டுக் கட்டம். கூகிள் வெஞ்சர்ஸ் குழு பரப்பிய பயிற்சி இது. ஆறாவது கட்டத்தில்தான் பழகிய விடைகள் தீர்ந்து வேறு ஏதாவது வரத் தொடங்கும்.

தெரிவு செய்யும்போது மூன்றிலிருந்தும் நல்லதைப் பொறுக்கிச் சேர்க்காதீர்கள், மூன்று ஆளின் திரையும் ஒட்டிய ஒன்று எவருக்கும் பொருந்தாது. தலைப்பில் ஒட்டிய வசனத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே ஒவ்வொருவரின் தாளிலும் விரலால் நடந்து பாருங்கள். எந்தத் தாளில் விரல் குறைவாக நிற்கிறதோ அதை எடுங்கள்.

தாளை வைத்து ஆளிடம் எப்படிச் சோதிப்பது? தாளைத் தொட்டால் ஒன்றும் நடக்காதே.

நீங்கள்தான் நடத்த வேண்டும். மூன்று பேர் போங்கள். ஒருவர் மட்டும் பேசுவார். ஒருவர் போனாக இருப்பார், அவர் வாயே திறக்கக் கூடாது. ஆள் எதைத் தொடுகிறாரோ அதற்குரிய பட்டியை எடுத்து முன்னால் வைப்பது மட்டுமே அவர் வேலை. மூன்றாமவர் எழுதுவார்.

பேசுகிறவர் வேலையைச் சொல்லும்போது பட்டியில் உள்ள சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. “கொழுந்து விபரம் என்பதை அழுத்துங்க” என்றால் அது சோதனை இல்லை. நாங்கள் சொன்னது, “இன்னைக்கு நீங்க பறிச்சத சரியா எழுதியிருக்காங்களான்னு இதுல பாருங்க” என்பது. பிறகு அமைதி. அந்த அமைதியைத் தாங்குவதுதான் கஷ்டம். ஆள் தயங்கினால் உதவி செய்ய நாக்கு துடிக்கும். “என்ன யோசிக்கிறீங்க?” என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு பின்னேரம் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஒரு அம்மாவிடம் பட்டிகளைக் கொடுத்தோம். பெயரைத் தொட்டார். என் தங்கச்சி மாதிரி கூட வேலை செய்கிற பிள்ளை இரண்டாவது பட்டியை வைத்தாள். நடுவில் “21 கிலோ”. அம்மா அதைப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

“மொத்தத்தச் சொன்னா எனக்கு என்னா தெரியும் புள்ள? காலையில எட்டு, பகல்ல ஒம்பது, பின்னேரம் ஏழு. தராசுல நானே பாத்தேன். அதச் சொல்லு.”

எட்டும் ஒன்பதும் ஏழும் 24. எங்கள் திரையில் 21. அவர் விரலை மடக்கிக் கூட்டி முடித்தபோது முகம் மாறியது. மூன்று கிலோவைக் காணவில்லை. உண்மையில் எங்கள் உதாரணக் கணக்கில் ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்குமாக ஒரு கிலோ கழித்திருந்தோம். ஆனால் திரையில் அதை எங்கேயும் எழுதவில்லை. நாங்கள் “சுருக்கமாக, தெளிவாக” என்று நினைத்துச் செய்த திரை, அவருக்குக் களவு போன திரையாகத் தெரிந்தது.

அந்த இடத்திலேயே புதிய பட்டி ஒன்றை எடுத்து, அவர் சொல்லச் சொல்லக் கீறினேன். மேலே காலை 8, பகல் 9, பின்னேரம் 7 என்று மூன்று வரி. அதன் கீழே கழிவு 3. ஒரு கோடு. நின்றது 21. அந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்கு 18 கிலோ என்று வைத்துக்கொண்டு, அதன் கீழே “பேர் 1, மேலதிகக் கிலோ 3”. அம்மா ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துத் தலையாட்டிக்கொண்டே கீழே வந்தார். கழிவு வரியில் நின்று, “இது எப்பவும் பிடிக்கிறதுதான்” என்றார். ஆளுக்குச் சரிபார்க்க முடிகிற எண் எது என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மொத்தம் யாருடைய நினைவிலும் இல்லை, தராசு முள்ளில் பார்த்த மூன்று எண்கள்தான் இருக்கின்றன. இதே திரையை ஃபிக்மாவில் செய்திருந்தால் அந்த 21 ஐ இன்னும் பெரிதாக, இன்னும் அழகாக ஆக்கியிருப்போம்.

எத்தனை பேரிடம் காட்டினால் போதும்?

ஒரே வகையான ஆட்கள் என்றால் ஐந்து பேர் என்ற கணக்கைப் பயன்பாட்டு ஆய்வாளர் யேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிப் பரவலாக்கினார். தாளில் அதைவிடச் சுலபமாகப் போகலாம். ஐந்து பேரும் ஒரே இடத்தில் தடுக்கி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது ஆளும் அதே இடத்தில் நின்றால் பட்டியை மாற்றிக் கீறிவிட்டு மூன்றாவது ஆளிடம் போங்கள்.

வாசிக்கத் தெரியாத ஒருவரையும் கட்டாயம் சேருங்கள். எங்களுக்கு அப்படி ஒரு பாட்டி கிடைத்தார். பேரப்பிள்ளை வாசித்துச் சொன்னான். அவன் மேலிருந்து வரிசையாக வாசித்தபோது, காலை, பகல், பின்னேரம் என்ற ஒழுங்கு அவருக்கு அப்படியே பொருந்தியது. முந்திய பட்டியில் இருந்தபடி மொத்தம் முதலில் வந்திருந்தால், அவன் “21” என்று சொல்லிவிட்டு விளையாடப் போயிருப்பான்.

திரை எல்லாம் கீறி முடித்தோம். ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு இழுக்கிற அம்புக்குறியின் மேல் என்ன எழுதுவது?

எதைத் தொட்டதால் அடுத்த திரை வருகிறது என்பது ஒன்று. அதை எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த அடுத்த திரையில் உள்ள தகவலை யார், எத்தனை மணிக்கு அங்கே வைத்தார் என்பது இரண்டாவது. அதை எவரும் எழுதுவதில்லை. பயணங்கள் முறிவது அங்கேதான்.

எங்கள் முதல் அம்புக்குறியின் மேல் “கிலோவை வைப்பது யார்?” என்று எழுதிவிட்டு மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடுத்த நாள் போய் விசாரித்தோம். மடுவத்தில் நிறுத்தவுடன் கொப்பியில் எழுதுகிறார்கள். கொப்பி பின்னேரம் ஆபிசுக்குப் போகிறது. அங்கே கிளாக்கர் உட்கார்ந்து கணினியில் பதிந்து முடிக்க ஆறரை தாண்டிவிடும். எங்கள் வசனமோ “பின்னேரம் 5 மணிக்கு” என்று தொடங்குகிறது. 5 மணிக்கு அவள் திறந்தால் திரையில் ஒன்றும் இருக்காது. தகவல் இல்லாத இடத்தில் 0 என்று காட்டுவது நிரல் எழுதுகிறவர்களின் வழக்கம். நாள் முழுக்க மழையில் நின்று பறித்துவிட்டு வந்த ஒருவருக்குத் தன் பேரில் 0 என்று காட்டினால் அவர் அன்றிரவு தூங்குவாரா?

அதனால் இரண்டு பட்டிகள் புதிதாக வந்தன. 2அ என்ற பட்டியில் எண்ணே இல்லை. “இன்னும் பதியவில்லை. 7 மணிக்குப் பிறகு பாருங்கள்” என்று மட்டும் இருக்கும். 2ஆ என்பது அரைகுறையாகப் பதிந்த நேரத்துக்கு: காலையும் பகலும் இருக்கும், பின்னேர வரியில் ஒரு சின்னக் கோடு இருக்கும். மூன்றும் வரும்வரை “நின்றது” என்ற வரியும் “பேர்” என்ற வரியும் காட்டப்படாது. பாதிக் கூட்டலைக் காட்டினால் அரைப் பேர் போட்டுவிட்டார்கள் என்ற கதை லயம் முழுக்கப் போய்விடும். தலைப்பு வசனத்தில் 5 ஐ வெட்டி 7 ஆக்கினோம்.

பிழை நடந்தால் என்ன என்பதையும் தாளிலேயே கீற வேண்டுமா? அதெல்லாம் பிறகு பார்க்கலாமே.

எல்லாப் பிழையையும் கீற வேண்டாம். வசனத்துக்குள் இருக்கிற பிழையைக் கீறித்தான் ஆக வேண்டும். எங்கள் வசனம் “பிழை இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறாள்” என்று முடிகிறது. அது பயணத்தின் பாதி.

முதலில் ஒரு பெரிய எழுத்துப் பெட்டியைக் கீறினோம், முறைப்பாட்டைத் தட்டச்சு செய்ய. அந்த அம்மா அதைப் பார்த்ததும் பட்டியைத் திருப்பித் தந்துவிட்டார். பிறகு, பிழையான வரியையே தொடுவது, அவர் நினைவில் உள்ள கிலோவைக் கூட்டல் கழித்தல் பொத்தானால் வைப்பது, “அனுப்பு” என்று மாற்றினோம். இதைச் சிரமமில்லாமல் செய்தார். ஆனால் “அனுப்பு” என்பதிலிருந்து இழுத்த அம்புக்குறி தாளின் ஓரம் வரை போய் அப்படியே நின்றது. யாருக்கு அனுப்புவது? கொப்பியில் எழுதிய கணக்கப்பிள்ளைக்கே போனால், எழுதியவரிடமே அவர் எழுதியது பிழை என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

இதைக் கீறித் தீர்க்க முடியாது. மார்க்கரை வைத்துவிட்டுப் போய்ப் பேசினோம். முடிவு வர ஒரு கிழமைக்கு மேல் ஆனது: கணக்கப்பிள்ளைக்கும் பெரிய கிளாக்கருக்கும் ஒரே நேரத்தில் போகும், அனுப்பியவருக்கு யார் யாருக்குப் போனது என்று திரையில் தெரியும். அதன் பிறகுதான் மூன்றாவது பட்டியைக் கீறி முடித்தோம்.

இந்த அம்புக்குறியில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் வேறொரு இடத்துக்கு நாங்கள் ஒரு செயலி செய்தோம். முறைப்பாட்டுத் திரையை நேரே மென்பொருளில் வடிவமைத்தோம், வடிவாக இருந்தது. நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, எல்லா முறைப்பாடும் யாருமே திறக்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அனுப்பிய ஒவ்வொருவரும் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அந்த அம்புக்குறியை நாங்கள் ஒரு நாளும் கீறவில்லை.

தாளில் சோதிக்க முடியாதது எது?

கீழே இழுத்துப் பார்ப்பது, தமிழில் தட்டச்சு செய்வது, வெயிலில் எழுத்து தெரிவது, ஈர விரலுக்குத் திரை வேலை செய்வது. இவற்றுக்கு உண்மையான போன் வேண்டும்.

சிக்னலை மட்டும் பாதி சோதிக்கலாம். பள்ளத்தில் இருக்கிற லயங்களில் ஒரு திரை வர எவ்வளவு நேரம் போகும் என்பது உங்களுக்கே தெரியும். போனாக இருப்பவர் அடுத்த பட்டியை வைக்காமல் மனத்துக்குள் 20 எண்ணட்டும். எங்களிடம் மூன்று பேர் 20 வருவதற்குள் அதே பொத்தானை மறுபடி மறுபடி தொட்டார்கள். ஒரே முறைப்பாடு நான்கு தடவை போகும் என்பது அப்போதே தெரிந்தது. தொட்டவுடன் பொத்தானில் “அனுப்புகிறது” என்று மாறும் சின்னக் காகிதத் துண்டு ஒன்றைச் செய்து மேலே ஒட்டினோம்.

எப்போது மென்பொருளைத் திறக்கலாம்? கீறிய தாள்களை என்ன செய்வது?

கடைசியாக மாற்றிய பிறகு மூன்று பேர் தொடர்ந்து, உங்கள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராமல், வசனத்தின் முடிவுக்குப் போயிருக்க வேண்டும். எந்த அம்புக்குறியும் ஓரத்தில் தொங்கக் கூடாது. ஒவ்வொரு பட்டியின் கீழும் தகவல் தருகிறவரின் பெயரும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். இவை இல்லாமல் திறந்தால் அதே கேள்விகள் நிரல் எழுதும்போது வரும், அப்போது மாற்றச் செலவு கூடும்.

பட்டிகளை வரிசையாகச் சுவரில் ஒட்டி, கீழ்க் குறிப்பும் தெரியும்படி ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். அந்தப் படத்தைத் திரையில் போட்டு அதன் மேலேயே வரையாதீர்கள். கை நடுங்கிய கோணலும் சேர்ந்து வரும், தடித்த மார்க்கருக்காக விட்ட இடைவெளியும் வரும். ஃபிக்மாவில் 360க்கு 800 அளவில் புதிய ஃபிரேம் எடுத்து, பட்டியின் இலக்கத்தையே பெயராக வையுங்கள்: 1, 2, 2அ, 2ஆ, 3. பழைய பட்டிகளையும், வெட்டி விட்டதையும் சேர்த்து, திகதி போட்டு ஒரு உறையில் வையுங்கள்.

எங்கள் வேலையில் கொழும்பில் இருந்து நிரல் எழுதிய தம்பி, ஒரே திரைக்கு ஏன் மூன்று வடிவம், 2அ, 2ஆ இரண்டையும் எடுத்துவிட்டு 0 என்று காட்டலாமே என்று கேட்டு எழுதினார். 2அ பட்டியின் கீழ்க் குறிப்பைப் படமெடுத்து அனுப்பினேன். “கொப்பி ஆபிசுக்குப் போவது பின்னேரம். பதிந்து முடிய 6.30 தாண்டும்” என்று அதில் இருந்தது. மூன்று வடிவமும் அப்படியே இருந்துவிட்டன.